மூக்கு ஒழுகத் தொடங்கி நாலாம் நாள்

ஏற்காட்டில் குடியிருக்கிறேன், எனக்கு ஆஸ்துமா என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் யாரும் நம்புவதில்லை. "அந்தக் காத்துக்கு இருக்கிற வியாதியே ஓடிப்போயிருமே, உனக்கு எப்படிம்மா?" என்பார்கள். கோடையில் இரண்டு நாள் வந்து ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டர். ஐரோப்பாவில் ஆஸ்துமாக்காரர்களை அங்கே அனுப்பி மாதக்கணக்கில் தங்க வைப்பார்கள். ஏற்காடு 1,515 மீட்டர், கிட்டத்தட்ட அதே உயரம். ஆனால் டாவோஸுக்குப் பேர் வாங்கித் தந்ததில் உயரத்தைவிட வறண்ட காற்றுக்குப் பங்கு அதிகம். ஈரம் இல்லாத இடத்தில், மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி பிழைக்காது. எங்கள் சேர்வராயன் மலையில் அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை மழையும் மஞ்சும்தான். சுவரில் பூஞ்சை பூக்கும், துவைத்த போர்வை மூன்று நாளானாலும் காயாது, குளிருக்கு வீட்டுக்கு வீடு சில்வர் ஓக் விறகு எரியும். உயரம் டாவோஸ், ஈரம் நம்மூர் மழைக்காலம். அதில் ஒரு சளி வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் போன நவம்பரில் அனுபவித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சளி அவளுக்குச் சரியாகி எனக்கு வந்திருந்தது. தொண்டையில் கரகரப்பு, மூக்கில் தண்ணீர், தும்மல். நெஞ்சில் ஒன்றும் இல்லை. சத்தம் இல்லை, இறுக்கம் இல்லை. சுக்குக் காபி குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆஸ்துமா இருப்பவருக்குச் சளி கொடுக்கும் முதல் ஏமாற்று இதுதான். மூக்கு ஒழுகும் முதல் நாளில் நெஞ்சு அமைதியாக இருக்கும். அந்தக் கிருமி கீழே இறங்கி, மூச்சுக்குழாயின் உள்தோலை வீங்க வைக்க இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். மூக்கு சரியாகி வருகிறது என்று நிம்மதி வரும் நேரத்தில் நெஞ்சு பிடிக்கத் தொடங்கும். 1995-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 9 முதல் 11 வயதுள்ள 108 பிள்ளைகளை ஓர் ஆண்டுக்கும் மேலாகக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீசிங் வந்தபோதோ, ஊதும் அளவு குறைந்தபோதோ எடுத்த மாதிரிகளில் 80 சதவீதத்தில் சளி வைரஸ் இருந்தது. அதிலும் பெரும்பங்கு சாதாரண மூக்கொழுகலைத் தரும் ரைனோ வைரஸ். (108 பிள்ளைகள். நம் ஆம்புலன்ஸ் நம்பர் என்பதால் எனக்கு மறக்கவே மறக்காது.)

அதனால் எங்கள் வீட்டில் ஆஸ்துமா திட்டம் தொடங்குவது மூக்கில். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சேலத்தில் நான் பார்க்கும் நெஞ்சக மருத்துவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என் உடம்பு எப்படி இருக்கும், பீக் ஃப்ளோ மீட்டரில் எவ்வளவு காட்டும், அப்போது எத்தனை பஃப், எந்த மாத்திரை, யாருக்குப் போன் என்பது மட்டும் இருக்கும். அறிவுரை ஒரு வரி கிடையாது.

பீக் ஃப்ளோ மீட்டர் பார்த்திராதவர்களுக்கு: சாண் நீள பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் அளவுகோல், அதில் நகரும் சின்ன முள். நின்றுகொண்டு மூச்சை முழுக்க இழுத்து, உதட்டால் நன்றாக மூடி, பலூன் ஊதுவது போல் மெதுவாக அல்லாமல் மெழுகுவத்தியை அணைப்பது போல் ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் தினமும் ஊதிப் பார்த்துக் கிடைக்கும் மிகப் பெரிய எண்தான் உங்கள் அளவுக்கு நூறு சதவீதம். பக்கத்து வீட்டுக்காரருக்கு 500 வருகிறதே என்று பொறாமைப்பட ஒன்றுமில்லை.

இதில் மலைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எனக்கு அது தெரிய ஒரு வருஷம் ஆனது. என் அக்கா வீடு சேலத்தில். அங்கே போய் ஊதினால் 410 வரும். ஏற்காட்டுக்கு ஏறி வந்து அன்று மாலையே ஊதினால் 380. முதலில் மீட்டர் பழுது என்று நினைத்தேன். பிறகு இங்கே காற்று பிடிக்கவில்லையோ என்று பயந்தேன். இரண்டும் இல்லை. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. இந்த வகை மீட்டர் காற்றின் தள்ளுதலை வைத்து முள்ளை நகர்த்துவது. லேசான காற்று முள்ளைக் கொஞ்சம் குறைவாகத்தான் தள்ளும். நுரையீரல் அதேதான், எண் மட்டும் குறைகிறது. எனவே கீழே எடுத்த எண்ணை வைத்து மேலே கணக்குப் போடக்கூடாது. மருத்துவரிடம் சொன்னதும் அவர் தாளில் இருந்த 410-ஐ அடித்துவிட்டு 380 என்று எழுதினார். 380-இல் 80 சதவீதம் சுமார் 300. அதற்கு மேல் பச்சை. பாதி 190. அதற்குக் கீழே சிவப்பு. நடுவில் மஞ்சள்.

மஞ்சளுக்கு நடுவில் 230 என்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, "இங்கே வந்தால் கீழே இறங்குங்கள்" என்று எழுதியிருந்தார். சேலத்தில் இருக்கும் அவருடைய மற்ற நோயாளிகளின் தாளில் அந்தக் கோடு இருக்காது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஊதினேன். 370. பச்சைதான். தாளில் பச்சைக் கட்டத்தின் கடைசி வரி: "சளி பிடித்தால் காலை, மாலை இரண்டு வேளை ஊதவும். ஒரு பஃப் கூடத் தவறக் கூடாது. கவுண்டர் பார்க்கவும்." பார்த்தேன், மாட்டிக்கொண்டேன். என் இன்ஹேலரில் 120 பஃப். அக்டோபர் முதல் வாரத்தில் திறந்த தேதியை மார்க்கரில் எழுதியிருக்கிறேன். காலை ஒன்று, இரவு ஒன்று. அந்த ஞாயிறுக்கு முன்னால் 44 நாள், 88 பஃப் போயிருக்க வேண்டும், 32 மீதம் இருக்க வேண்டும். கவுண்டர் 61 என்றது. காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டது, எஸ்டேட் ஆபீஸில் கூலிக் கணக்கு முடித்து வருவதற்குள் இருட்டிவிடும், சாப்பிட்டதும் தூக்கம். இரவுப் பஃப் 29 நாள் போயே போய்விட்டது. நாள்தோறும் எடுக்கச் சொல்லும் மருந்து வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு. அது நாள்பட நாள்படத்தான் வேலை செய்யும், நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. அந்தத் 'தெரியாது' இருக்கிறதே, அதில்தான் எல்லோரும் விழுகிறோம். வைரஸ் வந்தபோது என் மூச்சுக்குழாய் ஏற்கெனவே பாதி சிவந்து காத்திருந்திருக்கிறது.

திங்கள் காலை 345, மாலை 330. செவ்வாய் மாலை 300. மூக்கு நன்றாகிவிட்டது. "பாரு, சரியாயிருச்சு" என்றார் வீட்டுக்காரர். நெஞ்சில் இன்னும் சத்தம் இல்லை. எண் மட்டும் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய் இரவு இரண்டரை மணிக்கு இருமல் எழுப்பியது. வறட்டு இருமல், நிற்காது. ஆஸ்துமாவுக்குப் பின்னிரவுதான் நேரம். உடம்பில் இயற்கையாகச் சுரந்து மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் பொருட்கள் அந்த நேரத்தில் குறைந்திருக்கும். எழுந்து உட்கார்ந்ததும் பூனை முனகுவது மாதிரி மூச்சு வெளியே போகும்போது ஒரு கீச்சு. மூச்சு உள்ளே வரவில்லை என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் சிக்கல் வெளியே போவதில். மூச்சு விடும்போது குழாய் இயல்பாகவே கொஞ்சம் சுருங்கும். ஏற்கெனவே வீங்கி, சளி அடைத்து, சுற்றியிருக்கும் தசையும் இறுகியிருந்தால் பழைய காற்று வெளியேற இடம் கிடைக்காது. நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முயல்வதுதான் அந்த மூச்சுத் திணறல். எனக்கு இது புரிந்த பிறகு, திணறும்போது இழுக்கப் போராடுவதை விட்டு, உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடப் பழகினேன். நோய் அதனால் தீராது, பதற்றம் கொஞ்சம் அடங்கும்.

ஊதினேன். 265. மஞ்சள்.

இங்கே என் இன்ஹேலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது நீல நிற பம்ப் ஒன்றுதான். சால்புட்டமால். இழுத்த ஐந்து நிமிடத்தில் தசை தளரும், மூச்சு வரும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஆனால் அது வீக்கத்தைத் தொடாது. பாதி எரியும் வீட்டில் புகையை மட்டும் விசிறிக் கலைப்பது போல. 2019-இல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு, நீல பம்பை மட்டும் வைத்து ஆஸ்துமாவுக்கு மருத்துவம் பார்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போது நான் வைத்திருப்பது புடசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்தது. முதலாவது வீக்கத்துக்கு, இரண்டாவது தசைக்கு. ஃபார்மோட்டெரால் நீல பம்ப் அளவுக்கே வேகமாகத் திறக்கும். அதனால் தினசரிக்கும் இதே, திணறும்போதும் இதே. திணறும் ஒவ்வொரு முறையும் தானாகவே கொஞ்சம் ஸ்டீராய்டும் சேர்ந்து போகிறது. சளி பிடித்து வீக்கம் ஏறும் அந்த மூன்று நான்கு நாளில் இது பெரிய வித்தியாசம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு எங்கள் தெருவில் ஒரு அக்கா, "என்னோடதும் ரெண்டு மருந்து சேர்ந்ததுதாங்க, நானும் அப்படியே எடுத்துக்கறேன்" என்றார். வாங்கிப் பார்த்தால் சால்மெட்டெரால் சேர்ந்தது. பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணம் வேறு. சால்மெட்டெரால் மெதுவாகத் திறக்கும், திணறும் நேரத்துக்கு ஆகாது. அவருக்கு அவசரத்துக்கு நீல பம்ப்தான். யார் தாளில் எது எழுதியிருக்கிறதோ அது.

என் தாளில் மஞ்சளுக்கு எழுதியிருந்தது: தேவைப்படும்போது ஒரு பஃப், சில நிமிடம் பொறுத்துக் குறையாவிட்டால் இன்னொன்று. ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் கூடாது. தினசரிப் பஃப்பையும் சேர்த்து ஒரு நாளில் எட்டைத் தாண்டினால் போன் செய்யவும், பன்னிரண்டு தாண்டவே கூடாது. புதன்கிழமை முழுக்க அப்படியே போனது. காலையும் இரவும் ஒவ்வொன்று, நடுவில் நான்கு. மொத்தம் ஆறு. மாலை 270.

ஸ்பேசரில்தான் எடுத்தேன். நன்றாக இருக்கும் நாளில் நேராக வாயில் வைத்து அழுத்துபவர்கள்கூடத் திணறும் நாளில் ஸ்பேசர் இல்லாமல் எடுக்கக் கூடாது. மூச்சு இரைக்கும்போது அழுத்தும் கையும் இழுக்கும் வாயும் ஒன்று சேராது, மருந்து தொண்டையில் அடித்துக் கீழே போய்விடும். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு முறை மட்டும் அழுத்தி, மெதுவாக இழுத்து, முடிந்தால் பத்து எண்ணும் வரை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் ஸ்பேசருக்குள்ளேயே நான்கைந்து முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கினால் போதும். இரண்டு பஃப்பைச் சேர்த்து அழுத்துவது வீண். அத்தை ஒருமுறை என் ஸ்பேசரைக் கழுவித் துண்டால் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டார். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காய வைக்க வேண்டும். ஏற்காட்டு மழையில் அது காய ஒரு நாள் ஆகும் என்பதால் என்னிடம் இரண்டு இருக்கிறது. கேப்சூல் போட்டு உறிஞ்சும் பொடி மருந்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அதை வேகமாக உறிஞ்ச வேண்டும். கடுமையாகத் திணறும்போது அந்த வேகம் வராது. அதற்குள் மூச்சை ஊதினாலும், ஈரக் காற்றில் கேப்சூலைத் திறந்து வைத்தாலும் பொடி கட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரு வைத்தியம் இருந்தது. அத்தை நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், இறுகிய மூச்சுக்குழாயை அது திறக்காது. சாம்பிராணி போட வந்தபோது மட்டும் கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டுக்காரர் மருந்துக் கடையிலிருந்து ஒரு ஆன்டிபயாடிக், ஒரு உடம்பு வலி மாத்திரை, ஒரு டானிக்கோடு வந்தார். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு? உடம்பு வலி மாத்திரை டைக்ளோஃபினாக். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளே கடும் வீசிங்கைக் கிளப்பிவிடும். எனக்குப் பாராசிட்டமால் மட்டும். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வைத்தேன். பாவம், குடையோடு மறுபடி நடந்தார்.

வியாழன் விடியற்காலை மூன்றே முக்காலுக்கு எழுந்தேன். 225. பேனாக் கோட்டுக்குக் கீழே. ஒரு பஃப், சில நிமிடம் கழித்து இன்னொன்று. 255 ஆனது. கொஞ்சம் கண் அசந்தேன். ஐந்தரைக்கு மறுபடி நெஞ்சைப் பூட்டு போட்டது போல் இறுக்கியது. 220.

எண்ணைவிட எனக்குப் பயம் தந்தது நேரம். வழக்கமாக ஒரு பஃப் பல மணி நேரம் தாங்கும். இப்போது இரண்டு பஃப் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பஃப் பலிக்கும் நேரம் மூன்று மணிக்கும் கீழே குறைந்தால், வீக்கம் பம்பை முந்திக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை என் விரலில் மாட்டினார். 95. "தொண்ணூத்தஞ்சு இருக்கு, பயப்படாத" என்றார். ஆஸ்துமாவில் ஆக்சிஜன் கடைசியில்தான் இறங்கும். அதுவரை உடம்பு அதிகமாக உழைத்து எண்ணைத் தாங்கிப் பிடிக்கும். 92-க்குக் கீழே போனால் ஆபத்து என்பது சரி. 95 இருந்தால் ஆபத்தில்லை என்பது தவறு.

இங்கே பழைய கதை ஒன்று. கல்யாணமான இரண்டாம் வருஷம், இதே மாதிரி மழைக்காலச் சளி. கையில் நீல பம்ப் மட்டும். பகலில் ஓர் இடத்தில் காட்டினேன். ஊசி போட்டு, இருமல் டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தேன். 'புஸ்' என்று சத்தம் வந்தது, மருந்து வரவில்லை. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளிருக்கும் வாயு பல முறை பீறிடும் என்பது அப்போது தெரியாது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா பார் என்று யாரோ சொன்னார்கள், அதுவும் நம்ப முடியாத சோதனை. நள்ளிரவுக்கு மேல் என் கீச்சுச் சத்தம் குறைந்தது. அத்தை நிம்மதியாக, "சத்தம் நின்னுருச்சு, தூங்கட்டும்" என்றார். நான் தூங்கவில்லை, சோர்ந்து சரிந்துகொண்டிருந்தேன். சத்தம் வரக் காற்று ஓட வேண்டும். காற்றே ஓடாதபோது எங்கிருந்து சத்தம் வரும்? எஸ்டேட் ஜீப்பில் படுக்க வைத்துக் கீழே கொண்டு போனார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பேச முடியாமல், வார்த்தை வார்த்தையாக மூச்சு வாங்கும் ஒருவரிடம் வீசிங் சத்தம் குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை என்று இப்போது எங்கள் அத்தையே ஊருக்குச் சொல்கிறார்.

பேனாக் கோட்டின் காரணம் அதுதான். சேலத்தில் இருப்பவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிடம். எனக்கு நல்ல நாளிலேயே ஒரு மணி நேரம், மஞ்சில் அதற்கும் மேல். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. சிவப்பைத் தொட்ட பிறகு கிளம்பினால் சிவப்பிலேயே ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து போக வேண்டும். "உங்க சிவப்பு மத்தவங்க சிவப்பைவிட ஒரு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிக்குதும்மா" என்றார் மருத்துவர். பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கதையை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வந்தது. 45 சதவீதம் பேர் உதவி கேட்காமலோ, கேட்ட உதவி வந்து சேரும் முன்போ இறந்திருந்தார்கள். எழுதிய திட்டத் தாள் கொடுக்கப்பட்டிருந்தது 23 சதவீதத்தினருக்குத்தான்.

இரண்டு பஃப் எடுத்தேன். ஒரு பிஸ்கட் தின்று, தாளில் எழுதியிருந்தபடி பிரட்னிசோலோன் 20 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போட்டேன். அது வேலை செய்ய நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் அதைப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது, போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். மருத்துவருக்குப் போன் செய்தேன். ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தது, அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "பேச முடியுதுல்ல, இப்பவே கிளம்புங்க. நடுவுல பேச முடியாம போச்சுன்னா 108" என்றார்.

ஒருவேளை அப்போதே சிவப்பாக இருந்திருந்தால் சொந்த வண்டியில் இறங்கியிருக்க மாட்டோம். 108-ஐக் கூப்பிட்டு, ஏற்காட்டு அரசு மருத்துவமனையில் ஆக்சிஜனும் நெபுலைசரும் பெற்றுக்கொண்டு ஆம்புலன்ஸில் இறங்குவதுதான் தாளில் இருக்கிறது. வண்டி வரும் வரை என் இன்ஹேலரில் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்கு ஒரு பஃப், ஆறு வரை. நீல பம்ப் வைத்திருப்பவர்களுக்கு எளிதாக நினைவிருக்கும் ஆஸ்திரேலியக் கணக்கு ஒன்று உண்டு: ஸ்பேசரில் நான்கு பஃப், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, நான்கு நிமிடம் பொறுத்து, குறையாவிட்டால் மறுபடி நான்கு, அப்போதும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அது வரும் வரை அதே கணக்கு. பேச்சு வார்த்தை வார்த்தையாக உடைவது, கழுத்தும் விலாவும் ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுவது, உதடு நீலமாவது, தூக்கக் கலக்கம் — இதில் ஒன்று தெரிந்தாலும் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆறு இருபதுக்கு இறங்கினோம். மஞ்சு பத்தடிக்கு முன்னால் எதையும் காட்டவில்லை. கண்ணாடியை ஏற்றி, வாயை மறைத்து மஃப்ளர் சுற்றிக்கொண்டேன். குளிர்காற்று நேராக இறங்கினால் குழாய் இன்னும் சுருங்கும். மூக்கு அடைத்திருக்கும்போது வாயால்தான் மூச்சு, காற்றைச் சூடாக்கித் தர மூக்கு இல்லை. மடியில் நிமிர்த்தி ஸ்பேசர். படுக்காமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் ஒரு பஃப். அன்றைக்கு அது ஐந்தாவது. வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன், இந்த முறை இருபதும் ஞாபகம் இருக்கிறது.

அவசரப் பிரிவில் மூச்சு நிமிடத்துக்கு 26, நாடித் துடிப்பு 112, ஆக்சிஜன் 94. என் மீட்டரிலேயே ஊதச் சொன்னார்கள். 240. வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "மேல 220, இங்க 240. வரும்போதே ஏறிருச்சு!" நான் தலையை ஆட்டினேன். மேலே 380-இல் 220 என்றால் 58 சதவீதம். கீழே 410-இல் 240 என்றால் 59, கிட்டத்தட்ட அதேதான். மலை இறங்கியதில் முள் ஏறியிருக்கிறது, நுரையீரல் இருந்த இடத்தில்தான் இருந்தது. பணி மருத்துவர் சின்னப் பெண், அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார்.

முகமூடி மாட்டி சால்புட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் சேர்த்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை என்று மூன்று முறை நெபுலைசர் வைத்தார்கள். சின்ன வயதில் எனக்கு இதற்கெல்லாம் டெரிபிலின் ஊசிதான். பலன் தரும் அளவுக்கும் நெஞ்சு படபடத்து வாந்தி வரும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் இப்போதைய வழிகாட்டிகள் அவ்வகை மருந்தை ஓரம் கட்டிவிட்டன. ஒரு மணி நேரத்தில் 310. நான்கு மணி நேரம் பார்த்துவிட்டு, அது இறங்கவில்லை என்றதும் விட்டார்கள். வீட்டுக்கு இல்லை, அக்கா வீட்டுக்கு. அன்று இரவு திரும்பவும் பிடித்தால் மலை மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பிரட்னிசோலோன் தினம் காலை சாப்பிட்டதும் 40 மில்லிகிராம், மொத்தம் ஐந்து நாள். நன்றாகிவிட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்வது. தசை சீக்கிரம் தளர்ந்துவிடும், வீக்கம் வடிய நாளாகும்.

மறு திங்கள் மேலே வந்து ஊதினேன். 350. அதற்கடுத்த வெள்ளி 375.

மறு வாரம் மருத்துவரிடம் போனபோது அவர் மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இன்ஹேலரைக் கொடுங்கள் என்றார். கவுண்டரைப் பார்த்தார், அதில் எழுதிய தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானே 29 என்று சொல்லிவிட்டேன். "பல் தேய்ப்பீங்கல்ல ராத்திரி?" என்றார். "தேய்ப்பேன்." "பிரஷ் பக்கத்துல வைங்க. எப்படியும் இழுத்ததும் வாய் கொப்பளிக்கணும்." ஸ்டீராய்டு தொண்டையில் தங்கினால் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும், குரல் கம்மும். அந்தக் கொப்பளிப்பும் இந்தக் கொப்பளிப்பும் ஒன்றாகிவிட்டது. தாளில் அவர் மாற்றியது ஒரே இடம். 230 கோட்டுக்குப் பக்கத்தில், "அல்லது பஃப் 3 மணி நேரம் தாங்காவிட்டால்" என்று சேர்த்து எழுதினார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பாப்பா பள்ளியிலிருந்து வந்தாள். பையை எறிந்துவிட்டு இரண்டு தடவை தும்மினாள். அத்தை உள்ளே இருந்து குரல் கொடுத்தார்: "ஏம்மா, இன்னைக்கு ஊதினியா? எவ்வளவு?"

365. கவுண்டர் 48. தேதிப்படி 48-தான் இருக்க வேண்டும்.